ஆண்டு விழா: மேடைக் குழுவுக்கான நிமிட வாரி நிகழ்ச்சி நிரல்

ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி, 13 பிப்ரவரி 2026, வெள்ளிக்கிழமை

அழைப்பிதழில் உள்ள நிரல் விருந்தினருக்கும் பெற்றோருக்கும் உரியது. இது மேடையில் நிற்பவர்களுக்கு உரியது. நகரப் பேருந்தின் கடைசி நடை 7.50-க்குப் பள்ளி நிறுத்தத்தைக் கடப்பதால், நாட்டுப்பண் 7.05-க்குத் தொடங்கியே ஆக வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்து, மற்ற நேரங்களை அங்கிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டிருக்கிறேன். ஒத்திகையில் எந்த நடனமும் கொடுத்த நேரத்தைத் தாண்டவில்லை. நாற்காலி நகர்த்துவதிலும் பெயர் கூப்பிடுவதிலும்தான் நேரம் போனது. ஆகவே இடைவெளிகளும் இங்கே நிகழ்ச்சிகளாகவே எழுதப்பட்டுள்ளன. நேரம் பார்ப்பவர் அறிவியல் ஆசிரியர். அவருடைய கைக்கடிகாரமே விழாவின் கடிகாரம்.

2.00 – 3.30. மைக் செட் அமைப்பாளர் இரண்டு கம்பியில்லா மைக்குகளையும் ஒரு நிற்கும் மைக்கையும் சோதித்துத் தருவார். கம்பியில்லா மைக்குகளுக்குப் புதிய பேட்டரி போட வேண்டும். மாற்றுப் பேட்டரி தொகுப்பாளர் மேசையில் இருக்கும். பாடல்கள் அனைத்தும் மேடையேறும் வரிசைப்படி எண்ணிடப்பட்டு ஒரே பென்டிரைவில் உள்ளன. இன்னொரு பிரதி கணினி ஆசிரியரின் கைபேசியில் இருக்கும். நடுவில் அழைப்பு வராதபடி அதை ஏரோபிளேன் மோடில் வைக்க வேண்டும்.

3.30 – 4.25. ஒன்று முதல் மூன்று வரையுள்ள வகுப்புகளுக்கு இரண்டாம் வகுப்பறையிலும், மற்றவர்களுக்கு ஆறாம் வகுப்பறையிலும் ஒப்பனை நடைபெறும். 4.10-க்கு மேல் பெற்றோர் எவரையும் ஒப்பனை அறைக்குள் விட வேண்டாம். அன்பால்தான் வருகிறார்கள், ஆனால் ஒரு தாய் உள்ளே வந்தால் ஒன்பது பிள்ளைகள் தங்கள் தாயைத் தேடும்.

4.25. வட்டாரக் கல்வி அலுவலரை வாயிலில் எட்டாம் வகுப்பு மாணவர்கள் பறை இசைத்து வரவேற்பார்கள். அவர் வரத் தாமதமானால் காத்திருக்க வேண்டாம். 4.56-க்கு உரிய ஒன்றாம், இரண்டாம் வகுப்பு நிகழ்ச்சிகளை முன்னால் இழுத்துத் தொடங்கிவிடலாம். அவ்விரு வகுப்பும் 4.20-க்கே தயாராக நிற்க வேண்டியதற்குக் காரணம் இதுவே.

4.30 – 4.32. தமிழ்த்தாய் வாழ்த்து. 2021 டிசம்பரில் மாநிலப் பாடலாக அறிவிக்கப்பட்ட இதை 55 விநாடிகளில் பாடி முடிக்க வேண்டும். ஒலிப்பதிவு போடுவதில்லை, பயிற்சி பெற்ற ஏழாம் வகுப்பு மாணவியர் பாடுவார்கள். எல்லோரும் எழுந்து நின்ற பிறகே பாடலைத் தொடங்கும்படி தொகுப்பாளர் சைகை காட்ட வேண்டும்.

4.32 – 4.36. குத்துவிளக்கு ஏற்றுதல். ஐந்து முகம், ஐந்து பேர். திரிகளை 4.00 மணிக்கே எண்ணெயில் நனைத்து நுனியில் சிறிது கற்பூரம் வைத்துவிட வேண்டும். மேடை மின்விசிறிகளை 4.31-க்கு நிறுத்தி 4.37-க்கு மீண்டும் போட வேண்டும். இதைச் செய்யும் பொறுப்பு ஐந்தாம் வகுப்பு ஆசிரியருக்கு மட்டுமே உரியது.

4.36 – 4.40. வரவேற்புரை.

4.40 – 4.46. விருந்தினர் சிறப்பு. ஒருவர் பின் ஒருவராகப் பொன்னாடை போர்த்தினால் பதினைந்து நிமிடம் போகும். ஆறு விருந்தினர் பின்னாலும் ஆறு மாணவர்கள் புத்தகத்துடன் நின்று, பெயர்கள் வாசிக்கப்பட்டதும் ஒரே நேரத்தில் வழங்குவார்கள்; ஒளிப்படமும் ஒரே படமாக எடுக்கப்படும்.

4.46 – 4.56. தலைமையாசிரியர் ஆண்டறிக்கை வாசிப்பார். வாசிப்பு எட்டு நிமிடம். எஞ்சிய இரண்டு நிமிடத்தில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் மேடையின் இடப்பக்கப் படிக்கட்டுக்கு வந்து சேர வேண்டும்.

4.56 – 5.08. ஒன்றாம் வகுப்பின் பாட்டும் அபிநயமும், அதையடுத்து இரண்டாம் வகுப்பின் நடனமும் ஆறாறு நிமிடம். வழக்கமாக உரைகளுக்குப் பிறகு வரும் இவற்றை முன்னே கொண்டுவந்திருக்கிறேன். ஐந்து வயதுப் பிள்ளை உடையணிந்து இரண்டு மணி நேரம் காத்திருந்தால் மேடையில் அழும், அல்லது உறங்கும். முடிந்ததும் வகுப்பாசிரியர் உடை மாற்றிச் சுண்டல் கொடுத்து, பந்தலின் வலப்பக்கம் ஒன்றாக அமர வைக்க வேண்டும்.

5.08 – 5.25. பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவர் ஐந்து நிமிடமும், வட்டாரக் கல்வி அலுவலர் பன்னிரண்டு நிமிடமும் பேசுவார்கள். நேரத்தை இருவரிடமும் தலைமையாசிரியர் முன்கூட்டியே தெரிவித்துவிட்டார். முடிவதற்கு இரண்டு நிமிடம் முன்பு தண்ணீர்க் குவளையை மேசையில் வைப்பதே நினைவூட்டல். துண்டுச் சீட்டு நீட்ட வேண்டாம், அது மரியாதையாக இராது.

5.25 – 5.50. பரிசளிப்பு. மொத்தம் 62 பரிசுகள். ஒன்றுக்கு 20 விநாடி என்றால் 20 நிமிடம் 40 விநாடி ஆகும். மிச்சமுள்ள நான்கு நிமிடத்தைத் தெரிந்தேதான் விட்டிருக்கிறேன், ஏனெனில் இந்த விழாவில் நேரம் மிகுதியாகக் கசிகிற இடம் இதுதான். பரிசுகள் பட்டியல் வரிசையிலேயே மேசையில் அடுக்கப்பட்டிருக்க வேண்டும். ஒரு பெயர் வாசிக்கப்படும்போது அடுத்த மூவர் படிக்கட்டில் நிற்க, அவர்களுக்குப் பின்னுள்ள பத்துப் பேரைத் தமிழாசிரியர் வரிசைப்படுத்தியிருப்பார். இடப்பக்கம் ஏறி வலப்பக்கம் இறங்க வேண்டும். வராத மாணவரின் பெயரை இரண்டாம் முறை கூப்பிடாமல், பரிசைத் தனியே எடுத்து வைத்துவிடலாம்.

5.50 – 5.54. விருந்தினர் முன்வரிசைக்கு இறங்குவார்கள். மேடை நாற்காலிகளும் மேசையும் அகற்றப்படும். அதற்குள் திரைக்கு முன்னால் ஆறாம் வகுப்பு மாணவி பத்துக் குறள்களை ஒப்பிப்பார். இதே நேரத்தில் ஜெனரேட்டரை ஓட்டிப் பார்க்க வேண்டும். சூரியன் 6.20 வாக்கில் மறையும் என்றாலும் பந்தலுக்குள் அதற்கு முன்பே இருட்டிவிடும் என்பதால் விளக்குகளை 6.05-க்குப் போட வேண்டும்.

5.54 – 6.16. மூன்றாம் வகுப்பு நடனம் 6.00 வரை, நான்காம் வகுப்பின் ஆங்கில உரையாடல் 6.07 வரை, ஐந்தாம் வகுப்பு ஒயிலாட்டம் 6.16 வரை. உரையாடலுக்கு நிற்கும் மைக்கைப் பிள்ளைகளின் வாயளவுக்குத் தாழ்த்த மறக்கக் கூடாது.

6.17 – 6.24. ஏழாம் வகுப்பின் சிலம்பம் மேடையில் அல்ல, மேடைக்கு முன்னுள்ள தரையில். கம்பு சுழலும் வட்டத்துக்குக் கயிறு கட்டி, பார்வையாளரை நான்கு மீட்டர் தள்ளி அமர வைக்கும் பொறுப்பு உடற்கல்வி ஆசிரியருடையது. மூடிய திரைக்குப் பின்னால் நாடகத்துக்கான கட்டிலும் கதவும் இந்த ஏழு நிமிடத்தில் அமைக்கப்படும்.

6.25 – 6.41. எட்டாம் வகுப்பு நாடகம்.

6.41 – 6.44. திரைக்கு முன் விடுகதை. பின்னால் மேடையைக் காலி செய்தல்.

6.44 – 7.00. ஆறாம் வகுப்பு கும்மி ஏழு நிமிடம், ஒரு நிமிட மாற்றம், எட்டாம் வகுப்பு கரகாட்டம் எட்டு நிமிடம்.

7.00 – 7.07. நன்றியுரை ஐந்து நிமிடம். பிறகு நாட்டுப்பண், 52 விநாடி.

தாமதம் நேர்ந்தால் 5.50-ஐ எல்லைக்கோடாகக் கொள்க. அப்போது பத்து நிமிடம் வரை பிந்தியிருந்தால் விடுகதையை விட்டுவிட்டு, நன்றியுரையை இரண்டு நிமிடமாக்கி, மாற்ற நேரங்களில் தொகுப்பாளர் பேச்சை அறிவிப்பு மட்டுமாகச் சுருக்கலாம். அதற்கும் மேல் பிந்தினால் நாடகத்தின் இரண்டாம் காட்சி நீங்கும். அது இல்லாமலும் கதை நிற்கும்படி மாணவர்கள் ஒத்திகை பார்த்திருக்கிறார்கள். எந்த வகுப்பின் நிகழ்ச்சியையும் முழுவதுமாக நீக்குவதில்லை.

7.07 – 7.35. ஒன்றாம் வகுப்பிலிருந்து தொடங்கி வகுப்பு வாரியாகப் பிள்ளைகளைப் பெற்றோரிடம் ஒப்படைத்து, வருகைப் பட்டியலில் கையொப்பம் பெற வேண்டும். பேருந்தில் செல்லும் பிள்ளைகளை இரண்டு ஆசிரியர்கள் நிறுத்தம் வரை அழைத்துச் செல்வார்கள். வாடகை உடைகளை அன்றிரவே எண்ணி மூட்டை கட்டி அலுவலக அறையில் வைக்க வேண்டும். சனிக்கிழமை காலை கடைக்காரர் வந்து எடுத்துக்கொள்வார்.

விழா ஒருங்கிணைப்பாளர்