சீர்த்தட்டில் வைப்பதை வண்டியில் ஏற்றுவோம்

வீதிப் பெரியவங்களே, அக்கா தங்கச்சிமாரே, ஷிப்டு முடிந்து வீட்டுக்குக்கூடப் போகாமல் இங்கே வந்து நிற்கிற தம்பிகளே, எல்லாருக்கும் வணக்கமுங்க.

ஞாயிற்றுக்கிழமை காலையில் இருந்து திங்கள் காலைக்குள் தூத்துக்குடி மாவட்டம் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் மழை. நம் திருப்பூரில் ஒரு வருசம் முழுக்கப் பெய்தாலும் அத்தனை மழையைப் பார்ப்பது அபூர்வம். தாமிரபரணி கரை மீறிப் போனதில் ஏரல், ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி பக்கமெல்லாம் வீட்டுக்குள் தண்ணீர். இன்றைக்குப் புதன்கிழமை. நம் வீதியிலேயே பவர்டேபிள் ஓட்டுகிற ஏரல்காரத் தம்பி, அம்மாவின் குரலை இன்னும் கேட்கவில்லை. மூன்று நாளாகப் போன் போட்டுக்கொண்டே இருக்கிறார்.

அந்த ஊர்க்காரர்கள் தைத்த பனியனில்தான் இந்த ஊர் வளர்ந்தது. இது நமக்குக் கடமைங்க.

2011 நவம்பரில் ஜம்மனை ஓடையில் வெள்ளம் வந்தது இங்கே பலருக்கு ஞாபகம் இருக்கும். மறுநாள் உடுத்த மாற்றுத்துணி இல்லாமல் நின்றவர்களை நான் பார்த்திருக்கிறேன். யாரோ மூட்டையாகக் கொண்டுவந்து கொட்டிய கிழிந்த துணியில் கைவிட்டுத் தேடும்போது அந்த அம்மாக்கள் முகத்தை நிமிர்த்தவே இல்லை. அது எனக்கு இன்னும் மறக்கவில்லை.

அதனால் ஒன்றைக் கண்டிப்பாகக் கேட்டுக்கொள்கிறேன். பழந்துணி வேண்டாம். சொந்தக்காரர் வீட்டுக்குச் சீர் கொண்டு போகும்போது தட்டில் எதை வைப்போமோ, அதை மட்டும் கொடுங்கள். கம்பெனி வைத்திருப்பவர்கள் புது நைட்டி, டீசர்ட், உள்ளாடை, குழந்தைத் துணி கொடுங்கள். கேட்கக் கூச்சப்படுகிற சாமான் என்பதால் நாப்கினை நாமே மறக்காமல் வைக்க வேண்டும். போர்வையைச் சென்னிமலையில் மொத்தமாக எடுத்துவிடலாம், அதற்குத்தான் பணம். அப்புறம் பாய், பால்பவுடர், மெழுகுவத்தி, தீப்பெட்டி, பிளீச்சிங் பவுடர். தண்ணீர் வடிந்ததும் சேற்றை அள்ள மண்வெட்டியும் துடைப்பமும் வேண்டும். அதை யாரும் நினைப்பதில்லை.

பணத்துக்கு ரசீது உண்டு. வரவு செலவு தினமும் ராத்திரி கோயில் பலகையில் எழுதப்படும். கொடுத்தவர் பெயர் மட்டும் இருக்கும், யார் எவ்வளவு என்று எழுத மாட்டோம். நூறு ரூபாய் கொடுப்பவர் கூசக் கூடாது. அங்கே போய்க் கொடுக்கும்போது யாரையும் போட்டோ எடுக்கவும் கூடாது. வண்டியில் வருகிற எட்டுப் பேரும் இதற்கு ஒப்புக்கொண்டுதான் வருகிறார்கள்.

வெள்ளிக்கிழமை ராத்திரி ஒன்பது மணிக்கு லாரி கிளம்பும். சாமானை அன்று மாலை ஐந்துக்குள் சமுதாயக்கூடத்தில் சேர்த்துவிடுங்கள். கட்டுப்போட ஆள் போதாது, பள்ளிக்கூடப் பிள்ளைகளையும் அனுப்புங்கள்.

பிள்ளையார் கோயில் அண்டாவை இங்கே வைத்திருக்கிறோம். என் பங்கை இப்போது போடுகிறேன். அடுத்து பெரியவங்க முன்னால் வாங்க, அப்புறம் வரிசையாக எல்லாரும் வாங்க.