ஐந்து முடிச்சு
(பள்ளி மேடைக்கான சிறு நாடகம்)

பாத்திரங்கள்: ஊர்த்தலைவர், பழனி, ராணி, செல்லம்மா பாட்டி, கவிதா (8ஆம் வகுப்பு மாணவி), ஊரார்.

இடம்: கிணற்றடி. (மேடையில் கிணறு தேவையில்லை. அடிக்கொரு முடிச்சு போட்ட கயிறு கவிதாவின் கையில் இருந்தால் போதும்.)

ராணி: (காலிக் குடத்தைக் கீழே வைத்து) நான் வருவதற்குள் தண்ணீர் தீர்ந்துவிட்டது. மோட்டார் போட்டு உறிஞ்சினால் மிச்சம் எப்படி இருக்கும்?

பழனி: என் கத்தரி பூவெடுத்து நிற்கிறது ராணி. இப்போது காய்ந்தால் வருசமே போச்சு.

தலைவர்: சண்டை வேண்டாம். ஊரில் 30 வீடு. வீட்டுக்கு இத்தனை குடம் என்று சமமாகப் பிரித்துவிடலாமா?

பழனி: அதுதான் நியாயம்.

செல்லம்மா: எது நியாயம்? நான் ஒண்டிக்கட்டை. ராணி வீட்டில் எட்டுப் பேர். எனக்கும் அவளுக்கும் ஒரே அளவா?

(ஊரார் சலசலக்கிறார்கள்.)

தலைவர்: முதலில் எவ்வளவு ஊறுகிறது என்றே தெரியாதே!

கவிதா: தெரியும் தாத்தா. ராத்திரி யாரும் இறைக்கவில்லை. நேற்று மாலை கயிற்றில் மூன்று முடிச்சு நனைந்தது, விடியற்காலையில் ஐந்து. இரண்டு அடி ஊறியிருக்கிறது. பத்தடி அகலக் கிணறு. ஓர் அடிக்குச் சுமார் 150 குடம் வரும்.

தலைவர்: அப்போ ஒரு ராத்திரியில் 300 குடம்! அதையே ஒரு நாளைக்குப் பிரித்துக்கொள்ளலாம்.

கவிதா: ஊரில் 130 பேர். ஆளுக்கு இரண்டு குடம் என்றால் 260. மீதி 40.

ராணி: பத்து மாடு இருக்கிறதே! மாட்டுக்கு நாலு குடமாவது வேண்டும்.

கவிதா: சரியாகப் போயிற்று அக்கா.

பழனி: (எழுந்து) என் பயிருக்கு? ஒரு சொட்டுக்கூட இல்லையா?

(யாரும் பேசவில்லை. பாட்டி மெல்ல எழுகிறார்.)

செல்லம்மா: பழனி, குளிக்கிற தண்ணீர், பாத்திரம் அலசுகிற தண்ணீர் எல்லாம் தெருவில்தானே ஓடுகிறது? எல்லாரும் தொட்டியில் பிடித்து வைக்கட்டும். வந்து எடுத்துக்கொள்.

பழனி: அது பாதி வயலுக்குத்தான் வரும் பாட்டி.

செல்லம்மா: பாதிதான் வரும். தெரிந்துதான் கேட்கிறேன்.

தலைவர்: மழை வரும்வரை மோட்டாரை நிறுத்துவாயா? உன் மீதிப் பாதி நட்டத்தை ஊரே பங்கு போட்டுக்கொள்ளும். என்ன சொல்கிறீர்கள்?

ஊரார்: சரி! சரி!

ராணி: பாட்டியின் குடத்தை நான் இறைத்துக் கொண்டுபோய் வைக்கிறேன்.

தலைவர்: கணக்கை யார் எழுதுவது?

செல்லம்மா: கயிறு பிடித்தவளே எழுதட்டும். வாரம் ஒருமுறை அளந்து பார். ஊற்று குறைந்தால் எல்லாருக்கும் சேர்த்துக் குறைப்போம், உனக்கும் எனக்கும் உட்பட.

(கவிதா நோட்டைத் திறக்கிறாள். பழனி சற்று நின்று, முன்னே வருகிறான்.)

பழனி: எழுது கவிதா. என் வீட்டில் மூன்று பேர். ஆறு குடம்.

(திரை)