எண் இல்லாத ஸ்பூன்

எல்லோருக்கும் வணக்கம். சேமிப்பு, கடன் கணக்கெல்லாம் முடித்துவிட்டு எனக்கும் அரை மணி நேரம் ஒதுக்கியதற்கு நன்றி. ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்து கொடுக்கிற ஜன்னலுக்குப் பின்னால் என்னைப் பார்த்திருப்பீர்கள். அங்கே வரிசை நீளமாக இருக்கும், "மூணு வேளை, அஞ்சு எம்.எல்." என்று சொல்வதற்குள் அடுத்த சீட்டு வந்துவிடும். அங்கே சொல்ல முடியாததைச் சொல்லத்தான் இங்கே வந்தேன்.

வீட்டில் மருந்து கொடுக்கிற ஸ்பூனைக் கொண்டு வரச் சொல்லியிருந்தேனே, எடுங்கள். ஒவ்வொன்றிலும் தண்ணீரை நிரப்பி, ஊசி இல்லாத இந்த சிரிஞ்சால் உறிஞ்சி அளக்கிறேன். அக்கா, உங்களுடையதில் மூன்று எம்.எல். தங்கச்சி, உன்னுடையதில் ஏழு! இரண்டையும் நாம் "ஒரு ஸ்பூன்" என்றுதான் சொல்கிறோம். டாக்டர் எழுதியது ஐந்து. ஒரு குழந்தைக்கு மருந்து போதவில்லை, இன்னொரு குழந்தைக்கு அதிகம். சமையலறை ஸ்பூன் குழம்புக்குச் சரி, மருந்துக்கு வேண்டாம்.

மருந்துப் பெட்டிக்குள்ளேயே சின்ன மூடியோ பிளாஸ்டிக் ஸ்பூனோ இருக்கும். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் 2.5, 5, 10 என்று மேடாகத் தெரியும். மூடியைக் கையில் பிடித்து ஊற்றினால் கை ஆடும். மேசை மேல் வைத்து, குனிந்து, கோட்டைக் கண்ணுக்கு நேராகப் பாருங்கள். கைக்குழந்தைக்கு சிரிஞ்ச்தான் நல்லது. தொண்டைக்குள் பீய்ச்சாமல், கன்னத்தின் உள்பக்கம் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள்.

சரி, இப்போது லேபிள். "எல்லாம் இங்கிலீஷ், எனக்கு எப்படித் தெரியும்?" என்று பாட்டி கேட்கிறார். பாட்டி, எண் உங்களுக்குத் தெரியும். சீட்டுக் கணக்கில் ஒரு ரூபாய் விடமாட்டீர்கள். அந்தக் கண் போதும்.

இந்த மூன்று பாட்டில்களும் காய்ச்சல் மருந்து, பாராசிட்டமால். முதல் பாட்டிலில் 5 எம்.எல்.லுக்கு 120 எம்.ஜி. இரண்டாவதில் அதே 5 எம்.எல்.லுக்கு 250. மூன்றாவது, இந்தக் குட்டிப் பாட்டில், சொட்டு மருந்து. இதில் 1 எம்.எல்.லிலேயே 100 எம்.ஜி. இருக்கிறது. பத்து கிலோ குழந்தைக்கு ஒரு வேளைக்கு 100 முதல் 150 எம்.ஜி. வரை கொடுக்கலாம். அப்படியானால் முதல் பாட்டிலில் 5 எம்.எல்., இரண்டாவதில் 2.5, சொட்டு மருந்தில் 1 எம்.எல். போதும். சின்னப் பாட்டில் என்றால் வீரியம் குறைவு என்று நினைப்போம். இங்கே அது தலைகீழ். சொட்டு மருந்தை 5 எம்.எல். ஊற்றினால் 500 எம்.ஜி. பெரியவர்கள் போடுகிற ஒரு முழு மாத்திரை!

இது நடந்த விஷயம். ஒரு தாய்க்கு டாக்டர் "அஞ்சு எம்.எல்." என்று சொல்லியிருந்தார். இரவில் மருந்து தீர்ந்துபோக, பக்கத்து வீட்டில் பாட்டில் வாங்கி அதே ஐந்தைக் கொடுத்துவிட்டார். அது 250 பாட்டில். காலையில் பாட்டிலைக் கையோடு கொண்டு வந்தார், குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்தத் தாயை நான் திட்டவில்லை. பாட்டிலைக் கொண்டு வந்தாரே, அதுதான் பெரிய உதவி. அளவு மாறிவிட்டால், குழந்தை சிரித்து விளையாடினாலும் பாட்டிலோடு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பாராசிட்டமால் கல்லீரலைக் கெடுப்பது முதல் நாள் வெளியே தெரியாது.

சளி மருந்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். குளோர்பெனிரமினும் பினைல்எப்ரினும் சேர்ந்த மருந்தை நான்கு வயதுக்குக் கீழே கொடுக்கக்கூடாது என்று லேபிளில் போடும்படி 2023 டிசம்பரில் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு உத்தரவிட்டது. பெரியவனுக்கு வாங்கியதைச் சின்னவளுக்குக் கொடுக்காதீர்கள்.

காலாவதித் தேதி மாதமும் வருடமுமாக இருந்தால், அந்த மாதக் கடைசி நாள் வரை செல்லும். ஆனால் தண்ணீர் கலக்கிற பொடி மருந்துக்கு அந்தக் கணக்கு பாட்டிலைத் திறக்கும் வரைதான். கலந்த பிறகு சில நாள்தான் தாங்கும், எத்தனை நாள் என்று லேபிளிலேயே இருக்கும். கலந்த தேதியைப் பேனாவால் பாட்டில் மேலேயே எழுதிவிடுங்கள்.

ஓ.ஆர்.எஸ். பொட்டலத்திலும் எண்ணைப் பாருங்கள். பெரியது ஒரு லிட்டர் தண்ணீருக்கு, சின்னது 200 எம்.எல்.லுக்கு. பெரியதை ஒரு டம்ளரில் கரைத்தால் உப்பு ஏறிப்போய், வயிற்றுப்போக்கில் துவண்ட குழந்தைக்கு இன்னும் கெடுதல்.

அப்புறம், நான் பேசியது போதும். பாட்டி, முதலில் நீங்கள் வாருங்கள். இந்த மூடியை மேசையில் வைத்து இரண்டரை எம்.எல். ஊற்றுங்கள். மெதுவாக... குனிந்து பாருங்கள்... கோட்டுக்கு மேலே போய்விட்டது, கொஞ்சம் குறையுங்கள். இதோ, சரியாக இருக்கிறது. அடுத்து யார்?