9 பீஸுக்கு ஏன் முழு லாட்டும் ஃபெயில்?

அக்கா, நேற்று பொம்மனஹள்ளி யூனிட்டில் நின்றுகொண்டே கேட்டீர்களே, "2,400 சட்டையில் இரண்டரை சதவீதம் என்றால் 60 பீஸ் விடலாமே, அவர் பிடித்தது வெறும் 9, அதற்கா ஃபெயில்?" என்று. ஷிப்மென்ட் அவசரத்தில் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை, இப்போது எழுதுகிறேன்.

அந்த 60 கணக்கை முதலில் மறந்துவிடுங்கள். பையர் ஆள் 2,400 பீஸையும் பார்க்கவில்லை. 1,201 முதல் 3,200 வரை உள்ள லாட்டுக்கு, லெவல் 2-ல், AQL சாம்பிளிங் டேபிள் எடுத்துப் பார்க்கச் சொல்வது 125 பீஸ். அந்த 125-ல்தான் 9 மேஜர், அதாவது பெரிய குறை, வந்திருக்கிறது. அதாவது நூற்றுக்கு ஏழுக்கு மேல். அதே விகிதத்தில் போனால் மொத்த லாட்டில் 170 பீஸ் பக்கம் இருக்கும். கொஞ்சம் கூடலாம், குறையலாம், ஆனால் 60-க்குள் அடங்கும் என்று நம்ப முடியாது.

ரிப்போர்ட்டில் Ac, Re என்று இரண்டு கட்டம் இருக்கும். மேஜருக்கு 2.5 வரிசையில் 7, 8. ஏழு வரை பாஸ், எட்டிலிருந்து ஃபெயில். மைனருக்கு 4.0, அங்கே 10, 11. நமக்கு மைனர் 6தான், நூல் வெட்டாதது, அதில் தப்பித்தோம். கிரிட்டிகல் என்றால் பூஜ்யம், ஊசி முனை ஒன்று துணியில் இருந்தாலும் கதை முடிந்தது.

125-ல் இரண்டரை சதவீதம் மூன்று பீஸ்தானே, ஏன் ஏழு வரை விடுகிறார்கள் என்றும் கேட்பீர்கள். சோற்றுக்கு ஒரு பருக்கை பதம் பார்ப்பதுபோல எடுக்கும்போது நல்ல லாட்டிலும் சில சமயம் கெட்ட பீஸ் கூடுதலாகக் கையில் மாட்டும். அதற்காக நம்மை ஃபெயில் ஆக்கக்கூடாது என்று விட்டுவைத்த இடம் அது. அந்த இடத்தையும் தாண்டியதால்தான் பிரச்சினை. 2.5 என்பது அவ்வளவு தப்பு பண்ண நமக்குக் கொடுத்த லைசென்ஸும் இல்லை, பல சூப்பர்வைசர்கள் இங்கேதான் குழம்புகிறார்கள்.

"அந்த 9 பீஸை எடுத்து மாற்றிக் கொடுத்தால் போதாதா?" என்று கட்டிங் அண்ணன் கேட்டார். போதாது. கையில் மாட்டியவை அந்த 9, மாட்டாதவை இன்னும் கார்ட்டனுக்குள்ளேயே கிடக்கின்றன.

ஒன்று கவனித்தேன். ஒன்பதில் ஆறு, கை பாடியோடு சேரும் இடத்தில் ஸ்கிப் ஸ்டிச், ஆறும் எல் சைஸ். இழுத்துப் பார்த்தால் தையல் பல்லைக் காட்டுகிறது. ஒரே மெஷினாகத்தான் இருக்கும், பண்டில் டிக்கெட்டைப் பார்த்தால் தெரிந்துவிடும். ஊசியை மாற்றி, லூப்பர் டைமிங்கை மெக்கானிக்கிடம் பார்க்கச் சொல்லுங்கள். அப்புறம் எல் சைஸ் கார்ட்டன்களை முதலில் பிரித்து, பிறகு முழு லாட்டையும் நூறு சதவீதம் செக் பண்ணச் சொல்லுங்கள். திங்கள்கிழமை அவர் மறுபடி வருகிறார், அதே டேபிள்தான், புதிதாக 125 பீஸ் எடுப்பார்.