முறுக்கு நமுத்துப்போகாமல் இருக்க: நம் பலகாரக் கூடத்துக்கான வழிமுறை

ஐப்பசியில் காவிரிக் கரையில் மழை பிடித்துக்கொண்டால் காற்றே ஈரமாகிவிடுகிறது. கும்பகோணத்தில் நமக்குத் தீபாவளி ஆர்டர்கள் குவிவதும் பெரும்பாலும் அதே மாதத்தில்தான். ஆகவே அடுப்படியில் நிற்பவர்களும் பொட்டலம் போடுபவர்களும் இதை முழுவதும் படித்துவைக்க வேண்டும்.

நான்கு பங்கு அரிசி மாவுக்கு ஒரு பங்கு வறுத்தரைத்த உளுந்து மாவு சேர்த்துச் சலித்து, ஓர் ஈட்டுக்கோ இரண்டு ஈட்டுக்கோ வேண்டிய அளவை மட்டும் பிசையுங்கள். மொத்தமாகப் பிசைந்து வைத்தால் கடைசியில் பிழிபவை சிவந்துபோகும்.

எண்ணெய் 170 முதல் 180 டிகிரி செல்சியஸ் சூட்டில் இருக்க வேண்டும். வாணலியின் பரப்பில் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள். அவசரத்தில் இரண்டு முறுக்குகளைக் கூடுதலாகப் போட்டால் சூடு இறங்கி, அந்த ஈடு முழுவதும் எண்ணெய் குடித்துவிடும். நிறத்தை மட்டும் நம்பாமல் காதையும் கொடுங்கள்: மாவிலுள்ள நீர் ஆவியாக வெளியேறுவதே அந்தச் சலசலப்பு என்பதால், அது நன்றாக அடங்கி, குமிழிகள் ஒன்றிரண்டாகக் குறைந்த பிறகே ஜல்லிக்கரண்டியால் எடுக்க வேண்டும். உதிர்ந்த தூளை அரித்தெடுத்து, சூடு மீண்டும் ஏறிய பிறகே அடுத்த ஈட்டைப் பிழியுங்கள். கறுத்து நுரைக்கும் எண்ணெயைப் புது எண்ணெயோடு கலந்து ஒப்பேற்றக் கூடாது. அதன் சிக்கு வாடை பொட்டலத்துக்குள் நாளுக்கு நாள் கூடும்.

ஆறவைப்பதில்தான் நாம் ஒருமுறை பெரிதும் அடிபட்டோம். மாலை வண்டியைப் பிடிக்கும் அவசரத்தில் இளஞ்சூட்டோடு கட்டிய தட்டைப் பொட்டலங்கள் நான்காம் நாள் திரும்பி வந்தபோது, உறையின் உட்புறம் முத்து முத்தாக நீர் கோத்திருந்தது. தட்டையை உடைத்தால் ஓசையே இல்லாமல் வளைந்தது. அன்றிலிருந்து கம்பித் தட்டில் ஒரே அடுக்காகப் பரப்பி, நடுவிலுள்ள ஒன்றை உடைத்துப் புறங்கையில் வைத்துச் சூடு துளியும் தெரியாதபோதே கட்டுகிறோம். ஆறியதை இரவெல்லாம் திறந்து வைப்பதும் தவறுதான். மழைநாளில் சாளரக் காற்று ஒரு மணி நேரம் பட்டாலே மொறுமொறுப்பு குறையத் தொடங்கும். உடனே கட்ட முடியாவிட்டால் மூடி இறுகிய தூக்கு டின்னில் போடுங்கள்.

செய்தித்தாளில் எதையும் வைக்கக் கூடாது. அதன் மை பலகாரத்தில் ஒட்டும். உள்ளே வெள்ளிப்பூச்சுள்ள தடித்த உறையில் 250 கிராம் நிறுத்து, வாய் ஓரத்தில் எண்ணெயோ தூளோ இல்லாமல் துடைத்த பிறகு சூட்டால் ஒட்டுங்கள். ஒரு துணுக்கு சிக்கினாலும் அந்த இடத்தில் காற்று புகும். ஒட்டிய உறையை இரு கைகளாலும் அழுத்தி, காற்று கசிகிறதா என்று பாருங்கள். தயாரித்த தேதி, ஈட்டு எண், நம் உணவுப் பாதுகாப்பு உரிம எண் ஆகியவை ஒவ்வோர் உறையிலும் தெளிவாக இருக்க வேண்டும். பெட்டிகளைத் தரையில் வைக்காமல், சுவரிலிருந்து தள்ளிப் பலகை மேல் அடுக்குங்கள்.

ஒவ்வோர் ஈட்டிலும் ஒரு பொட்டலத்தை நம் அலமாரியில் வைத்து, பத்தாம் நாள் திறந்து கடித்துப் பார்த்து, ஈட்டு எண்ணோடு நோட்டில் எழுதிவையுங்கள்.