மானிய விண்ணப்பச் சுருக்கம்: திருத்துறைப்பூண்டிப் பக்கம் 9 கிராமங்களில் சர்க்கரை நோயுள்ள முதியோரின் பாதப் பராமரிப்பு

பெறுநர்: குடும்ப அறநிதியின் அறங்காவலர்கள், சிங்கப்பூர்
கேட்கும் தொகை: 24 மாதங்களுக்கு 28,000 வெள்ளி
தொடக்கம்: 2026 ஜூலை 1

திருவாரூர் மாவட்டம் திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே உள்ள 9 கிராமங்களில், சர்க்கரை நோயோடு தனியாகவோ துணையோடு மட்டுமோ வாழும் 134 முதியவர்களின் பாதங்களை மாதம் ஒருமுறையாவது வீட்டுக்கே போய்ப் பார்ப்போம். புண் கண்டால் 3 நாளுக்குள் மருத்துவரிடம் கொண்டு சேர்ப்போம். இதற்கு ஒரு நர்ஸ், இரண்டு உதவியாளர்கள், இரண்டு ஸ்கூட்டிகள் வேண்டும். உங்களிடம் கேட்கும் பணம் பெரும்பாலும் இவற்றுக்குத்தான்.

ஏன் பாதம்?

இந்த ஊர்களில் மகன்கள் சிங்கப்பூரில் இருக்கிறார்கள். கட்டுமானத் தளத்திலும் ஷிப்யார்டிலும் ஓ.டி. பார்த்து அனுப்பும் பணம் மாதம் தவறாமல் வந்துவிடுகிறது. வீடு காரை வீடாகிவிட்டது. மாத்திரைக்கும் பெரிய குறையில்லை. தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கியதிலிருந்து ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை வீடு தேடி வருகிறது. அதை நாங்கள் மறுபடி செய்யப்போவதில்லை. இல்லாமல் இருப்பது, குனிந்து அம்மாவின் காலைப் பார்க்க ஓர் ஆள்.

சர்க்கரை பல ஆண்டுகள் கட்டுக்குள் இல்லாமல் இருந்தால் பாதத்தில் உணர்வு போய்விடும். எங்கள் பக்கத்தில் 'கால் மதமதன்னு இருக்கு' என்பார்கள். வலிக்காது, அதனால் யாரும் கவலைப்படுவதில்லை. வலிக்காததுதான் ஆபத்து. போன ஐப்பசியில் ஒரு பாட்டி திண்ணையில் உட்கார்ந்து எங்கள் உதவியாளரோடு அரை மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார். காலை மடியில் எடுத்துவைத்துக் கழுவியபோது குதிகாலில் சீமைக் கருவேல முள் முழுசாக ஏறியிருந்தது. சுற்றிலும் வெள்ளையாகச் சீழ் கட்டியிருந்தது. வரப்பில் நடந்து நாலு நாள் ஆகியிருந்தது, அவருக்குத் தெரியவே இல்லை. மகனோடு தினமும் வீடியோ காலில் பேசுகிறவர் அவர். போனில் முகம்தானே தெரியும்.

நாங்கள் யார்?

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரை கடந்து எங்கள் தென்னைகளைச் சாய்த்தபோது, சிங்கப்பூரில் இருந்த ஊர்க்காரர்கள் தேக்காவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடித் தார்ப்பாய்க்குப் பணம் போட்டார்கள். அந்தக் கணக்கை எழுதி வைத்த ஆறு பேர் 2019இல் அறக்கட்டளையாகப் பதிவு செய்தோம். ஊரில் ஏழு அறங்காவலர்கள் இருக்கிறார்கள், நான்கு பேர் பெண்கள். சிங்கப்பூரில் நான்கு தொண்டர்கள்: ஒரு லாரி ஓட்டுநர், ஒரு பாதுகாப்பு மேற்பார்வையாளர், இரண்டு வெல்டர்கள். இவர்களில் யாரும் சம்பளமோ படியோ வாங்குவதில்லை.

இதற்கு முன் இரண்டு முறை தடுமாறியிருக்கிறோம். அதைச் சொல்லாமல் பணம் கேட்பது சரியாக இருக்காது. முதல் ஆண்டு மாதம் ஒரு முகாம் போட்டோம். வியாழக்கிழமை காலை என்று வைத்தோம். அது நூறு நாள் வேலைக்குப் போகும் நேரம். டாக்டரும் நாங்களும் டீ குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அடுத்து, முப்பது வீடுகளுக்குச் சுகர் மிஷின் வாங்கிக் கொடுத்தோம். ஆறு மாதம் கழித்துப் போனால், பாதி வீடுகளில் மிஷின் ஷோகேஸில் மகனின் மெர்லயன் போட்டோவுக்குப் பக்கத்தில் பத்திரமாக இருந்தது. ஸ்ட்ரிப் தீர்ந்து எவ்வளவோ நாளாகியிருந்தது. அதற்கப்புறம்தான் பொருள் கொடுப்பதை விட்டு ஆளை அனுப்ப ஆரம்பித்தோம். கடந்த ஓராண்டாக ஒரே ஓர் உதவியாளர், ஒரு சைக்கிள், மூன்று கிராமங்கள். இந்த விண்ணப்பம் அதை ஒன்பது கிராமங்களுக்கு விரிப்பதற்கு.

வேலை எப்படி நடக்கும்?

உதவியாளர் வீட்டுக்குப் போய் முதலில் காலைக் கழுவித் துடைப்பார். விரல் இடுக்கு, குதிகால் வெடிப்பு, நகம் மூன்றையும் பார்ப்பார். பிறகு மெல்லிய நைலான் இழையால் பாதத்தில் சில இடங்களைத் தொடுவார். கண்ணை மூடியபடி 'இப்போ தொட்டேனா?' என்பதற்குப் பதில் வராத இடங்களை ஏட்டில் குறிப்பார். ரத்தச் சர்க்கரை பார்ப்பார். இன்சுலின் போடுகிறவர்கள் வீட்டில் மருந்து எங்கே இருக்கிறது என்றும் பார்ப்பார். பிரிட்ஜ் இல்லாத வீட்டில் ஈரமணல் போட்ட மண்பானைக்குள் வைக்கச் சொல்லிக் கொடுக்கிறோம், அது போதும். ஒரு வீட்டுக்கு நாற்பது நிமிடம் ஆகும். பாதி நேரம் பேச்சுதான், அதைக் குறைக்கச் சொல்லமாட்டோம்.

134 பேரில் 41 பேருக்கு ஏற்கெனவே உணர்வு குறைந்திருக்கிறது, அல்லது பழைய புண் இருக்கிறது. அவர்களை மாதம் இரண்டு முறை பார்க்க வேண்டும். ஆக மாதம் 175 வீட்டு வருகை. இரண்டு உதவியாளர்கள் மாதம் 22 நாள், நாளுக்கு நான்கு வீடு என்றால் 176. கணக்கு இழுத்துப் பிடித்துத்தான் நிற்கிறது, ஆனால் நிற்கிறது. நர்ஸ் புண்ணுள்ளவர்களை மட்டும் பார்த்துக் கட்டு மாற்றுவார். மாதம் இருமுறை ஒரு மருத்துவர் வந்து ஏட்டைச் சரிபார்ப்பார். ஆழமான புண் என்றால் திருவாரூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு நாங்களே கூட்டிப்போவோம். உணர்வு போனவர்களுக்குப் பாதத்தை உறுத்தாத மெத்தென்ற எம்.சி.ஆர். ரப்பர் செருப்பு, 100 ஜோடி. வீட்டுக்குள்ளும் போட வேண்டிய செருப்பு அது. சாமி அறை இருக்கும் வீட்டில் இதைச் சொல்லி ஒப்புக்கொள்ள வைப்பதுதான் இந்தத் திட்டத்திலேயே கடினமான வேலை.

ஒவ்வொரு வருகைக்குப் பிறகும், பெற்றோர் சம்மதித்தால், சிங்கப்பூரில் இருக்கும் மகனுக்கு ஒரு குரல் செய்தி போகும்: சர்க்கரை எவ்வளவு, கால் எப்படி, அடுத்து எப்போது வருவோம். சனிக்கிழமை இரவு அனுப்புகிறோம். டார்மிட்டரியில் ஞாயிறு காலைதான் நிதானமாகக் கேட்க முடிகிறது.

மழைக்காலம் ஒரு தடை. கார்த்திகையில் இரண்டு கிராமங்களுக்குப் பாதை முழங்கால் தண்ணீரில் இருக்கும். அதனால் அந்த இரு ஊர்களிலும் அக்டோபரிலேயே இரண்டு சுற்று முடித்துவிடுவோம். நர்ஸ் வேலையை விட்டுப் போவது இன்னொரு தடை. எங்கள் மாவட்டத்து நர்ஸுகளும் விமானம் ஏறுகிறவர்கள்தான். உள்ளூரில் திருமணமாகிக் குடியிருப்பவரையே எடுப்போம். உதவியாளர் இருவருக்கும் கட்டு மாற்றும் பயிற்சியை முதல் மூன்று மாதத்திலேயே கொடுத்துவிடுவோம்.

எதை வைத்து மதிப்பிடலாம்?

எங்கள் ஏட்டில் கடந்த ஓராண்டில் 17 புண்கள் பதிவாகியிருக்கின்றன. அவற்றில் 3 நாளுக்குள் மருத்துவரைப் பார்த்தவை 4. முதல் ஆண்டு முடிவில் பத்துக்கு ஏழு, இரண்டாம் ஆண்டு முடிவில் பத்துக்கு ஒன்பது என்பது எங்கள் இலக்கு. விரலோ காலோ எடுக்க வேண்டி வந்தால் அதையும் மறைக்காமல் எழுதுவோம். ஒன்றுகூட நடக்காது என்று வாக்குக் கொடுக்கமாட்டோம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை இரண்டு பக்க அறிக்கை வரும்.

பணம்

ஒரு வெள்ளிக்கு 65 ரூபாய் என்று வைத்தால் 28,000 வெள்ளி 18,20,000 ரூபாய். நர்ஸுக்கு மாதம் 22,000, உதவியாளர் ஒவ்வொருவருக்கும் 11,000. 24 மாதத்துக்கு மூவரின் சம்பளம் 10,56,000. பழைய ஸ்கூட்டி இரண்டு 90,000, பெட்ரோலும் பழுதும் 1,20,000. ஸ்ட்ரிப், கருவிகள், கட்டுத்துணி 2,16,000. மருத்துவர் வருகை 1,44,000. செருப்பு 90,000. கணக்கு, தணிக்கை, போன் செலவு 1,04,000. இந்தக் கடைசி இனம் மொத்தத்தில் 6 விழுக்காட்டுக்கும் குறைவு. வெளிநாட்டு நன்கொடையில் நிர்வாகச் செலவுக்கு இந்தியச் சட்டம் விதிக்கும் உச்சவரம்பு 20 விழுக்காடு. தொகையை நான்கு தவணையாகக் கொடுத்தால் போதும்: முதலில் 10,000 வெள்ளி, பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை 6,000. அறிக்கை வராவிட்டால் அடுத்த தவணையை நிறுத்திவிடுங்கள்.

வெளிநாட்டு நன்கொடை வாங்க இந்தியச் சட்டம் கேட்கும் எஃப்.சி.ஆர்.ஏ. பதிவு எங்களிடம் இருக்கிறது. பணம் பாரத ஸ்டேட் வங்கியின் புதுதில்லி முதன்மைக் கிளையில் உள்ள எங்கள் கணக்குக்கு மட்டுமே வர வேண்டும். தொண்டர்கள் யார் கையிலும் ரொக்கமாகக் கொடுக்க வேண்டாம், எங்கள் பெயரைச் சொல்லி யார் கேட்டாலும். சட்டப்படி இந்தப் பணத்தை இன்னோர் அமைப்புக்கு மாற்றிக் கொடுக்கவும் எங்களால் முடியாது. சிங்கப்பூரில் வெளிநாட்டு அறப்பணிக்காகப் பொதுமக்களிடம் நிதி திரட்ட அறநிறுவன ஆணையரின் அனுமதி வேண்டும் என்பதால், நாங்கள் இங்கே உண்டியல் குலுக்குவதில்லை. உங்களைப் போன்ற தனியார் நிதியை மட்டுமே அணுகுகிறோம். இந்த நன்கொடைக்குச் சிங்கப்பூரில் வரிக்கழிவு கிடைக்காது. அதையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம்.

24 மாதத்துக்கு அப்புறம்?

சிங்கப்பூரில் வேலை செய்யும் 60 மகன்கள் அதன்பின் மாதம் 10 வெள்ளி தருவதாக எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். எல்லோரும் இந்தியக் குடிமக்கள். தங்கள் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்புவதால் அது வெளிநாட்டு நன்கொடைக் கணக்கில் வராது, ஊர்க் கணக்கிலேயே வாங்கலாம். மாதம் 39,000 ரூபாய் கிடைக்கும். ஓட்டச் செலவு மாதம் சுமார் 68,000. மீதி 29,000க்கு நெல் அரவை ஆலைக்காரர்களிடமும் கூட்டுறவுச் சங்கத்திடமும் பேசிக்கொண்டிருக்கிறோம், இன்னும் யாரும் உறுதி சொல்லவில்லை. மகன் வெளிநாட்டில் இல்லாத வீடுகளுக்கு, மகனே இல்லாத வீடுகளுக்கும், எப்போதும் இலவசம்தான்.

மே மாத இறுதிக்குள் முடிவு தெரிந்தால், ஸ்கூட்டி வாங்கி, ஆள் எடுத்து, பயிற்சியை மழைக்கு முன் முடித்துவிடலாம். கடந்த மூன்றாண்டுத் தணிக்கை அறிக்கைகளும், பெயர்களை மறைத்த ஏட்டின் நகலும் தயாராக இருக்கின்றன. எந்த ஞாயிறு மாலை சொன்னாலும் எங்கள் தொண்டர்கள் கொண்டுவந்து காட்டுவார்கள். ஆறு மணிக்குப் பிறகு என்றால் நல்லது, இருவருக்கு ஞாயிற்றுக்கிழமையும் ஓ.டி. இருக்கிறது.