கோடு தொடரும் ரோபோவில் நான் செய்த வேலை: விண்ணப்ப அறிக்கை

எங்கள் ரோபோட்டிக்ஸ் கிளப்பின் கோடு தொடரும் ரோபோவில் சர்க்யூட்டும் பவர் சப்ளையும் என் பொறுப்பு. முதல் மாதிரி, சக்கரம் தரையில் படாமல் தூக்கிப் பிடித்திருந்தவரை அருமையாக ஓடியது, கீழே விட்டதும் ஒரு சாண் நகர்ந்து நின்று மறுபடி முதலிலிருந்து தொடங்கியது. புரோகிராமில்தான் பிழை என்று நினைத்து மூன்று நாள் அதையே மாற்றி மாற்றி எழுதினேன். அப்புறம் ஆசிலோஸ்கோப்பை வைத்துப் பார்த்தால், மோட்டார் கிளம்பும் கணத்தில் 5 வோல்ட் லைன் 2.4-க்கு விழுகிறது, மைக்ரோகன்ட்ரோலர் ரீசெட் ஆகிறது. நின்ற நிலையிலிருந்து கிளம்பும் மோட்டார் இழுக்கும் கரன்ட்டை அந்தச் சின்ன 9 வோல்ட் பேட்டரியால் தர முடியாது, அதன் உள்மின்தடை அவ்வளவு அதிகம்.

இரண்டாவது மாதிரியில் இரண்டு லித்தியம் அயன் செல்களைத் தொடரிணைப்பில் போட்டு, மோட்டாருக்கு நேராகவும் கன்ட்ரோலருக்குத் தனி பக் கன்வெர்ட்டர் வழியாகவும் மின்சாரம் கொடுத்தேன். மோட்டார் டிரைவரை ஒட்டி 470 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் ஒன்று. பழைய பைபோலார் டிரைவர் ஏறக்குறைய 2 வோல்ட்டை வெறும் சூடாக வீணாக்கியது, அதற்குப் பதிலாக மாஸ்ஃபெட் டிரைவர் வைத்தோம். ரீசெட் நின்றது. வளைவுகளில் வண்டி தள்ளாடியது. சென்சார் பட்டையைச் சக்கர அச்சிலிருந்து 4 சென்டிமீட்டர் முன்னால் நகர்த்தியதும் அதுவும் பெருமளவு குறைந்தது.

இப்போதும் எல்லாம் ஒயரும் சால்டருமாகத்தான் இருக்கிறது, அதிர்வில் ஏதாவது ஒரு இணைப்பு விட்டுப்போகிறது. மூன்றாவது மாதிரியை ஒரே பிசிபியில் நானே வடிவமைக்க வேண்டும், உங்கள் பயிற்சியில் சேர விரும்புவது அதற்காகத்தான்.